கையெழுத்துக்கு முன்: தமிழ் மனுவை ஸ்பானிஷில் வாசித்துச் சொல்வது

ராமேஸ்வரத்துக்கு வரும் வெளிநாட்டவர்களில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் உண்டு. ஸ்பெயின், அர்ஜென்டினா, மெக்சிகோ, கொலம்பியா என்று பல நாட்டுக்காரர்கள். சிலர் கோயிலுக்கு வருகிறார்கள், சிலர் தனுஷ்கோடி பார்க்க வருகிறார்கள், சிலர் பாம்பன் தீவின் இரண்டு பக்கக் கடலிலும் அடிக்கும் காற்றை நம்பிக் கைட் சர்ஃபிங் செய்ய வருகிறார்கள். ஹோட்டலிலும் ஆட்டோவிலும் அரைகுறை ஆங்கிலத்தோடு சமாளித்துவிடுவார்கள். பாஸ்போர்ட் தொலைந்து காவல் நிலையத்துக்குப் போகும்போதுதான் சிக்கல். அங்கே மனு தமிழில் எழுதப்படும், அதில் அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த இடத்தில் ஸ்பானிஷ் தெரிந்த நம்மூர்க்காரர் ஒருவர் தேவைப்படுகிறார். தமிழில் இருக்கும் தாளைக் கையில் வாங்கி, அதில் எழுதியிருப்பதை ஸ்பானிஷில் உரக்கச் சொல்ல வேண்டும். ஸ்பானிஷில் இதற்கு 'த்ராதுக்ஸியோன் ஆ லா பிஸ்தா' என்று பெயர். தமிழில் பார்வை மொழிபெயர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஸ்பானிஷ் படித்து முடித்துவிட்டு முதன்முதலாக இப்படி ஒரு கவுன்டர் முன்னால் நிற்கப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

இது மற்ற இரண்டு வகை மொழிபெயர்ப்பிலிருந்தும் வேறுபட்டது. எழுதி மொழிபெயர்க்கும்போது அகராதி பார்க்கலாம், அடித்து எழுதலாம், நாளைக்குத் தரலாம். பேச்சை மொழிபெயர்க்கும்போது, பேசுகிறவர் இடையிடையே நிறுத்துவார், புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கலாம். பார்வை மொழிபெயர்ப்பில் வேகம் பேச்சின் வேகம், மூலம் எழுத்து. அதுவும் அலுவலகத் தமிழ் எழுத்து. பேச்சில் நாம் சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் பேசுகிறோம். மனுவில் ஒரே வாக்கியம் ஆறு வரிக்கு ஓடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "இதுல என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று காவலர் சொன்னவுடன், புதியவர்கள் பெரும்பாலும் தாளைப் பார்த்துவிட்டு, "உங்கள் பை காணாமல் போனதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், கண்டுபிடித்துத் தரச் சொல்லியிருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்" என்று முடித்துவிடுவார்கள். அது சுருக்கம். பார்வை மொழிபெயர்ப்பில் தேதி, நேரம், தொகை, 'சுமார்', 'மேற்படி' உட்பட தாளில் உள்ள எல்லாம் அவர் காதில் விழ வேண்டும். தாளில் 'நான்' என்று இருந்தால் ஸ்பானிஷிலும் 'நான்' என்றுதான் வர வேண்டும், "இவர் சொல்கிறார்" என்று வரக் கூடாது.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கைது செய்து விசாரிக்கத்தக்க குற்றத்தைப் பற்றி ஒருவர் வாய்மொழியாகத் தகவல் தந்தால், அதை எழுத்தில் கொண்டுவந்து, அவருக்கே வாசித்துக் காட்டி, பிறகு கையெழுத்து வாங்க வேண்டும் என்று அதன் 173-ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ் தெரியாதவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவதில் பயன் ஒன்றும் இல்லை. நீங்கள் ஸ்பானிஷில் சொல்வதுதான் அவரைப் பொறுத்தவரை வாசித்துக் காட்டுதல்.

ஒரு மாதிரி மனுவை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு பெண். அவர் சைகையிலும் துண்டு துண்டான ஆங்கிலத்திலும் சொன்னதை வைத்து, தங்கும் விடுதிக்காரர் எழுதிக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முடிந்து நடுப்பகுதி இப்படி இருக்கிறது:

"நான் மேற்படி முகவரியில் 05.01.2026 முதல் தங்கியிருந்து வருகிறேன். 11.01.2026 அன்று காலை சுமார் 6.30 மணியளவில் அக்னி தீர்த்தக் கடலில் குளிக்கச் சென்றபோது, எனது பாஸ்போர்ட்டும் ரொக்கம் ரூ.12,000-மும் இருந்த கறுப்பு நிறக் கைப்பையைக் கரையில் வைத்துவிட்டு, குளித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது மேற்படி கைப்பையைக் காணவில்லை. எனது நண்பர் அச்சமயம் கோயிலுக்குள் இருந்தார். அக்கம்பக்கத்தில் தேடியும் கிடைக்கவில்லை. எனவே மேற்படி பாஸ்போர்ட்டைக் கண்டுபிடித்துத் தருமாறும், கிடைக்காத பட்சத்தில் அதற்கான சான்று வழங்குமாறும் தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

தாள் கைக்கு வந்ததும் வாயைத் திறக்கக் கூடாது. "ஏட்டையா, ரெண்டு நிமிஷம் கொடுங்க, முழுசாப் படிச்சுட்டு அவங்களுக்குச் சொல்றேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கோரிக்கையை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அதே சமயம், அந்தப் பெண்ணிடமும் ஸ்பானிஷில் சொல்லிவிடுங்கள்: முதலில் நான் மனதுக்குள் படிக்கிறேன், பிறகு முழுவதையும் சொல்கிறேன், அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம். இல்லையென்றால் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது பேனாவை நீட்ட, அவரும் வாங்கிவிடுவார்.

அந்த இரண்டு நிமிடத்தில் என்ன பார்க்க வேண்டும்? நான் கடைசி வரியிலிருந்து தொடங்கச் சொல்வேன். இந்தத் தாள் எதைக் கேட்கிறது என்பது கடைசியில்தான் இருக்கும். இங்கே இரண்டு கோரிக்கை: கண்டுபிடித்துத் தர வேண்டும், கிடைக்காவிட்டால் சான்று தர வேண்டும். இது தெரிந்துவிட்டால் மேலே உள்ள ஒவ்வொரு விவரமும் எதற்காக இருக்கிறது என்பது புரியும். அப்புறம் தலைப்பகுதிக்குப் போய், சுருக்கெழுத்துகளைப் பாருங்கள். 'த/பெ' என்றால் தகப்பனார் பெயர், 'க/பெ' என்றால் கணவர் பெயர். இவற்றை வாசிக்கும்போது தடுமாறக் கூடாது. ஸ்பெயின் அடையாள அட்டையின் பின்புறத்திலும் 'இன்னாரின் மகள்' என்று பெற்றோர் பெயர் இருக்கும் என்பதால், த/பெ என்பதை 'ஈஹா தே' என்று சொன்னால் அவருக்கு அது பழகிய விஷயமாகவே இருக்கும்.

அங்கேயே பெயரையும் சரிபாருங்கள். ஸ்பெயின்காரர்களுக்கு இரண்டு குடும்பப் பெயர், ஒன்று தகப்பன் வழி, இன்னொன்று தாய் வழி. நம்மூரில் எழுதும்போது இரண்டாவதை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும், அல்லது முதல் குடும்பப் பெயரைத் தகப்பனார் பெயர் என்று எழுதிவிடுவார்கள். தூதரகம் பார்க்கப்போவது பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயரை. அவரிடம் பாஸ்போர்ட் நகல் இருந்தால், போனில் இருக்கும் படமாக இருந்தாலும் சரி, அதைத் தாளின் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்றாவதாக, நீள வாக்கியங்களின் முடிவில் இருக்கும் வினைமுற்றைத் தேடுங்கள். மொத்த வேலையில் கடினமான பகுதி இதுதான்.

நம் மாதிரியின் இரண்டாவது வாக்கியத்தைப் பாருங்கள். 'குளிக்கச் சென்றபோது', 'வைத்துவிட்டு', 'குளித்துவிட்டு', 'திரும்பி வந்து', 'பார்த்தபோது' என்று எச்சங்கள் வரிசையாகப் போய், கடைசியில் 'காணவில்லை' என்று முடிகிறது. தமிழ் வாசகருக்கு இதில் சிரமமே இல்லை. முடிவு வரும்வரை மனம் காத்திருக்கும். ஸ்பானிஷ் அப்படிக் காத்திருக்காது. அங்கே வினை முன்னால் வந்துவிட வேண்டும். தமிழ் வரிசையிலேயே சொல்லப்போனால், தேதியையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, பையைச் சொல்லிவிட்டு, பைக்குள் இருந்ததைச் சொல்லிவிட்டு, வினை கிடைக்காமல் நடுவில் நின்றுவிடுவீர்கள். பிறகு "இல்லை, திரும்பச் சொல்கிறேன்" என்று முதலிலிருந்து தொடங்குவீர்கள். கேட்கிற பெண்ணுக்கு எது முதலில் நடந்தது என்பதே குழம்பிப்போகும்.

இதற்கு வழி, ஒவ்வொரு எச்சத்தையும் தனி ஸ்பானிஷ் வாக்கியமாக வெட்டிக்கொள்வதுதான். படிக்கும்போதே மனதில் வெட்டுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். மூலத் தாளில் கோடு கிழிக்கக் கூடாது, அது அலுவலக ஆவணம். தனித் துண்டுத் தாளில் வினைகளை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொள்ளலாம்: போனேன், வைத்தேன், குளித்தேன், திரும்பினேன், இல்லை. ஐந்து வினை, ஐந்து வாக்கியம். அதை வைத்துச் சொன்னால் இப்படி வரும்:

"எல் ஓன்ஸே தே எனேரோ தே தோஸ் மில் பெயின்திசெய்ஸ், ஆஸியா லாஸ் செய்ஸ் இ மெதியா தே லா மன்யானா, ஃபூயி ஆ பன்யார்மே அல் மார், என் அக்னி தீர்த்தம். தெஹே என் லா ஒரியா உன் போல்சோ நேக்ரோ. தென்த்ரோ எஸ்தாபான் மி பசபோர்தே இ தோஸே மில் ருபியாஸ் என் எஃபெக்தீபோ. மே பன்யே. அல் போல்பேர், திச்சோ போல்சோ நோ எஸ்தாபா."

ஆறு வரித் தமிழ் வாக்கியம் ஐந்து சின்ன வாக்கியமாகிவிட்டது. எதுவும் விடவில்லை, எதுவும் சேர்க்கவில்லை. 'சுமார்' என்பது 'ஆஸியா' என்று வந்துவிட்டது. 'மேற்படி' என்பதற்கு 'திச்சோ' சரியாக நிற்கிறது, அவர்களுடைய அலுவலக மொழியிலும் அதுதான் வழக்கம். அக்னி தீர்த்தத்தை மொழிபெயர்க்கவில்லை. அது ஊரில் உள்ள இடத்தின் பெயர், நாளைக்கு விசாரணை என்று வந்தால் அந்தப் பெயரைத்தான் அவர் சொல்ல வேண்டியிருக்கும்.

எச்சங்களில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. 'சென்றபோது' என்று மட்டும் இருந்தால் போனது நானா, அவரா, அவர்களா என்று சொல்லிலிருந்து தெரியாது. ஸ்பானிஷ் வினையில் ஆள் தெரிந்தே ஆக வேண்டும். 'ஃபூயி' என்றால் நான் போனேன், 'ஃபூயே' என்றால் அவர் போனார். கடைசி ஒலி மாறினால் சாட்சியம் மாறிவிடும். அதனால் ஒவ்வொரு எச்சத்துக்கும் யார் செய்தது என்று வினைமுற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் முழுக்கக் கை கொடுக்காது. நம் வாக்கியத்திலேயே, எச்சங்களுக்கெல்லாம் எழுவாய் 'நான்', ஆனால் 'காணவில்லை' என்பதற்கு வரும்போது பேச்சு பையைப் பற்றியதாகிவிட்டது.

'எனது நண்பர்' என்ற இடத்திலும் நிதானியுங்கள். நண்பர் ஆணா பெண்ணா என்று தமிழ் சொல்லவில்லை, ஸ்பானிஷில் 'அமீகோ' அல்லது 'அமீகா' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஊகித்துச் சொல்வது வேண்டாம். 'உனா பெர்சோனா அமீகா', அதாவது நட்பான ஒருவர் என்று சொல்லிவிட்டால் தாளில் இருப்பது அப்படியே போய்ச் சேரும்.

சரி, இப்போது 'காணவில்லை'க்கு வருவோம். பாஸ்போர்ட் விஷயத்தில் அதிகம் பிசகுவது இந்த இடத்தில்தான்.

'காணவில்லை' என்ற சொல் யார் மேலும் எதையும் சுமத்தவில்லை. நான் தொலைத்தேன் என்று சொல்லவில்லை, திருடினார்கள் என்றும் சொல்லவில்லை. இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். 'நோ எஸ்தாபா' என்பது அதற்கு நேர். புதியவர்கள் பதற்றத்தில் 'மே லோ ரோபாரோன்' என்று சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அந்தச் சொல் முதலில் வாய்க்கு வரும். அதன் பொருள் "என்னிடமிருந்து திருடிவிட்டார்கள்". தாள் அப்படிச் சொல்லவே இல்லை.

இது வெறும் நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயின் குற்றவியல் சட்டத்தில் 'உர்தோ', 'ரோபோ' என்று இரண்டு தனிக் குற்றங்கள் இருக்கின்றன. பலாத்காரம் எதுவும் இல்லாமல் பிறர் பொருளை எடுத்துப்போனால் உர்தோ. பூட்டை உடைத்தோ, ஆளை அடித்தோ மிரட்டியோ எடுத்தால் ரோபோ. நம்மூர்க் கணக்கில் சாதாரணத் திருட்டு உர்தோ, வழிப்பறி ரோபோவில் வரும். பல பயணக் காப்பீட்டு பாலிசிகளில் ரோபோவுக்கு ஒரு விதி, உர்தோவுக்கு ஒரு விதி, தானாகத் தொலைத்தால் இன்னொரு விதி. ஊர் திரும்பி, மனுவின் எழுத்து மொழிபெயர்ப்பைக் கொடுத்துப் பணம் கேட்கும்போது, "நீங்கள் ரோபோ என்கிறீர்கள், போலீஸ் தாளில் அப்படி இல்லையே" என்று கேள்வி வரும். இங்கே கவுன்டரில் உங்கள் வாயிலிருந்து கேட்டதை நம்பித்தான் அவர் அங்கே அப்படிச் சொல்லியிருப்பார்.

இந்தப் பக்கத்திலும் அதே அளவு விளைவு உண்டு. காணவில்லை என்று மனு கொடுத்தால், பெரும்பாலும் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். திருட்டு என்று புகார் வந்தால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவு, முதல் தகவல் அறிக்கை என்ற பாதையில் போகும்.

இப்போது மாதிரிக் கதையைக் கொஞ்சம் நகர்த்துவோம். நீங்கள் 'அல் போல்பேர், திச்சோ போல்சோ நோ எஸ்தாபா' என்று சொன்னவுடன் அந்தப் பெண் நிமிர்ந்து, "இல்லை, அப்படி நடக்கவில்லை. தண்ணீரில் நிற்கும்போதே ஒருவர் பையை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் ஓடியதைப் பார்த்தேன், கத்தினேன்" என்கிறார். விடுதிக்காரருக்கு அது சைகையில் புரியவில்லை. இப்படி நடப்பது அபூர்வமே இல்லை. தன் மொழியில் கேட்கும்போதுதான், எழுதப்பட்ட கதைக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி அவருக்குத் தெரியவருகிறது.

இங்கே நீங்கள் செய்ய வேண்டியது, வாசிப்பை நிறுத்துவது. எந்த வரியில் நிறுத்தினீர்கள் என்று விரலை வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதைக் காவல் நிலைய ரைட்டரிடம் தமிழில் அப்படியே சொல்லுங்கள், அவருடைய 'நான்'-இலேயே: "சார், அவங்க சொல்றது: 'தண்ணிக்குள்ள நிக்கும்போதே ஒருத்தர் பையை எடுத்துட்டு ஓடுனதப் பார்த்தேன்.'" அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "இது திருட்டு கேஸ் சார், எஃப்.ஐ.ஆர். போடுங்க" என்று சேர்ப்பது உங்கள் வேலையில் வராது. அதற்கு நேர் எதிராக, "விடுங்க, பாஸ்போர்ட்டுக்கு ரசீது கிடைச்சாப் போதும், எதுக்கு வம்பு" என்று அந்தப் பெண்ணிடம் ஸ்பானிஷில் அமுக்கிவிடுவதும் கூடாது. இந்த இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, நல்ல மனதோடு செய்கிறார்கள் என்பதால் அது தப்பாகவும் யாருக்கும் படுவதில்லை. ஆனால் எதைப் புகாராகக் கொடுப்பது என்பது அவர் முடிவு. எந்தப் பிரிவில் பதிவது என்பது காவல் நிலையத்தின் முடிவு. இரண்டுக்கும் நடுவில் நாம் எதையும் வடிகட்டக் கூடாது.

மனு மாற்றி எழுதப்பட்டால், மாறிய வரியை மட்டும் சொன்னால் போதாது. புதுத் தாளை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி சொல்ல வேண்டும். எழுதும்போது வேறு ஏதாவது மாறியிருக்கலாம், 6.30 என்பது 7.30 ஆகியிருக்கலாம். பழைய தாளிலேயே அடித்துத் திருத்தினால், திருத்திய இடத்தில் அவர் சிறு கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அது எதற்கு என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பிழையை நீங்களே கவனித்தால் என்ன செய்வது? உதாரணமாக, வரும் வழியில் அவர் உங்களிடம் நான்காம் தேதி வந்தேன் என்றார், தாளில் ஐந்தாம் தேதி என்று இருக்கிறது. மனதுக்குள் திருத்தி 'நான்கு' என்று வாசித்துவிடக் கூடாது. வாசித்தால் அவர் காதில் சரியான தேதியும் தாளில் தவறான தேதியுமாக, அதன் கீழே அவர் கையெழுத்தும் நின்றுவிடும். ஐந்து என்றே வாசியுங்கள். அவரே பிடித்துவிடுவார். பிடிக்காவிட்டால், வாசித்து முடித்த பிறகு, "இது நான் என் சார்பில் கேட்பது: தேதி ஐந்து என்று இருக்கிறது, சரிதானா?" என்று தனியாகக் கேளுங்கள். இந்தத் தேதிக்குக் கூடுதல் கனம் உண்டு. வெளிநாட்டவர் வந்து தங்கியதை 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியது விடுதிக்காரரின் பொறுப்பு. ஒரு நாள் முன்பின் ஆவது அவருக்கும் விஷயம்தான். இதனாலேயே, மனுவை எழுதிக் கொடுத்த விடுதிக்காரரே வாசித்துச் சொல்பவராகவும் இருப்பது நல்லதில்லை என்று நினைக்கிறேன், அவர் எவ்வளவு ஸ்பானிஷ் தெரிந்தவராக இருந்தாலும்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம். தேதி வரிசை நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், நாள் முதலில், மாதம் அடுத்து. அதில் தொல்லை இல்லை. ஆனால் ஸ்பெயினில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும், தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள். தாளில் 12,000 என்று பார்த்தால் அவர் பன்னிரண்டு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. 'தோஸே மில்' என்று வாயால் சொல்லும்போதே அந்த எண்ணின் மேல் விரல் வையுங்கள். லட்சம் வந்தால் உடனே மாற்றிச் சொல்ல வேண்டும்: 1,20,000 என்பது 'ஸியென்தோ பெயின்தே மில்', அதாவது நூற்றிருபது ஆயிரம். பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள்.

கடைசி வாக்கியத்தில் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்பதை வார்த்தைக்கு வார்த்தை கொண்டுபோனால், ஏதோ கெஞ்சுவதுபோல் ஸ்பானிஷில் ஒலிக்கும். 'சொலிஸீத்தோ ரெஸ்பெத்துவோசமென்தே', மரியாதையுடன் கோருகிறேன், என்பது அவர்களுடைய மனுக்களிலும் வரக்கூடிய நடை. இங்கேயும் வினையை முன்னால் வையுங்கள்: கோருகிறேன், என் பாஸ்போர்ட்டைக் கண்டுபிடித்துத் தரும்படி. கோருகிறேன், கிடைக்காவிட்டால் சான்று தரும்படி. வினையை இரண்டு தடவை சொல்வதில் தவறில்லை, இரண்டு கோரிக்கை இருப்பது அப்போதுதான் காதுக்குத் தெரியும்.

இதெல்லாம் அமைதியான அறையில் நடக்காது. ஒரு பக்கம் வயர்லெஸ், இன்னொரு பக்கம் யாரோ வாய்த்தகராறு, கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் "முடிஞ்சதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். கவுன்டருக்கு முதுகைக் காட்டாமல், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், அவரும் தாளைப் பார்க்கும்படி நில்லுங்கள். தாளை வாய்க்கு நேரே பிடிக்க வேண்டாம், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். வாய் ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது கண் அடுத்த வாக்கியத்தின் வினையில் இருக்க வேண்டும். மூச்சு வாங்குவது, யோசிப்பது எல்லாம் வாக்கியம் முடிந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இழுத்தால், தாளே சந்தேகத்தோடு எழுதப்பட்டதுபோல் அவருக்குக் கேட்கும். ஒரு சொல் புரியவில்லை என்றால், வாசிக்கத் தொடங்கும் முன் எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள். கையெழுத்து புரியாத இடத்திலும் இதையே செய்யுங்கள்.

வாசித்து முடித்து, அவரும் சரி என்று சொல்லிவிட்டார். இனி கையெழுத்துக்கு மேலே இருக்கும் ஒற்றை வரியைப் பாருங்கள். நம்மூர் மனுக்களிலும் வாக்குமூலங்களிலும் 'படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது' என்று எழுதுவது பழக்கம். பழக்கத்தால் இந்தத் தாளிலும் அது ஏறியிருக்கும். தமிழே தெரியாத ஒருவர் படித்துப் பார்த்ததாக எழுதினால் அது பொய். பின்னால் இந்தத் தாளை யாராவது கேள்விக்கு உட்படுத்தினால் முதலில் உடைவது அந்த வரிதான். "இதை மட்டும் மாத்திக்கலாமா சார்?" என்று கேளுங்கள். 'மேற்கண்ட விவரங்களை ஸ்பானிஷ் மொழியில் வாசித்துச் சொல்லக் கேட்டேன், சரியாக உள்ளது' என்று இருக்க வேண்டும். அதன் கீழே அவர் கையெழுத்து. அதற்கும் கீழே, 'ஸ்பானிஷில் வாசித்துச் சொன்னவர்' என்று எழுதி உங்கள் பெயர், கையெழுத்து, தேதி. 'சாட்சி' என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பை காணாமல் போனதை நீங்கள் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தது தாளை மட்டுமே.

அப்புறம் ரசீது வரும். அதையும் வாசித்துச் சொல்ல வேண்டும், இது இரண்டு மூன்று வரிதான். ஆனால் சி.எஸ்.ஆர். என்பதன் விரிவு சமுதாயப் பணிப் பதிவேடு. அதைச் சொல்லுக்குச் சொல் ஸ்பானிஷில் சொன்னால், நீதிமன்றம் தண்டனையாகக் கொடுக்கும் சமூக சேவைதான் அவர் நினைவுக்கு வரும். தனக்கு ஏதோ தண்டனை என்று பயந்துவிடுவார். 'சி.எஸ்.ஆர். என்ற காவல் நிலையப் பதிவேடு' என்று எழுத்துகளையே சொல்லுங்கள். ரசீதை 'தெனுன்ஸியா' என்றும் சொல்லிவிடாதீர்கள். ஸ்பெயினில் போலீசில் பதிவான புகாருக்கு அந்தப் பெயர், அதைக் கேட்டால் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். 'ரெஸ்குவார்தோ', பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, என்பதுதான் அது. எஃப்.ஐ.ஆர். பதிந்திருந்தால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று அதே 173-ஆவது பிரிவில் இருக்கிறது.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு, அதைக் கவுன்டரிலேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று இரண்டு பக்கத்துக்குள் இருக்கும் மனு, ரசீது, அறிவிப்பு, படிவம் இவற்றுக்குத்தான் இது பொருந்தும். பிரேதப் பரிசோதனை அறிக்கை, பல பக்க வாடகை ஒப்பந்தம், நீதிமன்ற உத்தரவு போன்றவற்றை நின்ற இடத்தில் வாசித்துச் சொல்ல ஒப்புக்கொள்ளக் கூடாது. பத்தாவது நிமிடத்தில் கவனம் தளரும், எந்த வரியை விட்டோம் என்றுகூடத் தெரியாது. அங்கே "இதை எழுதித்தான் மொழிபெயர்க்கணும், நேரம் வேணும்" என்று சொல்வதே சரி. அவசரம் என்றால், அதிகாரி தன் வாயால் விளக்கட்டும், அந்தப் பேச்சை நீங்கள் மொழிபெயர்க்கலாம். அப்போது சொல்வது அவர் பொறுப்பு என்பது எல்லோருக்கும் தெளிவாக இருக்கும்.

நீங்கள் வாயால் சொன்னதற்கு அந்தப் பெண்ணின் கையில் எந்தச் சான்றும் இருக்காது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ஸ்பெயினுக்கு டெல்லியில் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. மாற்றுப் பயண ஆவணத்துக்கு அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியது ரசீதின் அல்லது எஃப்.ஐ.ஆரின் நகல். அந்தப் புது ஆவணத்தோடு நாட்டைவிட்டுக் கிளம்ப, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே நகல் வேண்டும். ஸ்பெயினில் அதிகாரபூர்வமாகச் செல்லுபடியாகும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால், அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் நியமித்த 'த்ராதுக்தோர் ஹுராதோ', அதாவது உறுதிமொழி மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் பொதுவாகப் போக வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன் உங்கள் துண்டுத் தாளை எடுத்து, வினைகள் குறித்த பகுதியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், அதில் அடுத்தவர் விஷயம் இருக்கிறது. மீதிப் பகுதியில் சி.எஸ்.ஆர். எண், தேதி, காவல் நிலையத்தின் பெயர், தொலைபேசி எண் இவற்றை ஆங்கில எழுத்தில் தெளிவாக எழுதி அவரிடம் கொடுங்கள். ரசீதில் அவை பெரும்பாலும் தமிழில் இருக்கும்.